அபிராமி அந்தாதி மனனம்: ராகமா, முழுப் பாராயணமா, சீர் பிரித்த பத்துகளா?

சென்ற தை அமாவாசையை ஒட்டி எங்கள் ஊரில் நடந்த ஒப்புவித்தல் போட்டிக்கு நானும் என் அக்கா மகளும் பெயர் கொடுத்தோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாற்பத்து நான்கு. காப்பும் நூற்பயனும் சேர்த்து 102 பாடல்களையும் புத்தகம் பாராமல் சொல்ல வேண்டும். அதன் பிறகு நடுவர் ஓர் எண்ணையோ ஒரு பாடலின் முதற்சொல்லையோ தருவார், அந்த இடத்திலிருந்து ஐந்து பாடல்களைத் தொடர வேண்டும். அவள் ஒலிப்பதிவைக் கேட்டு ராகத்தோடு பாடம் செய்தாள். நான் சீர் பிரித்து, பத்துப் பத்தாகப் பாடம் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவது மூன்றாவது வழி: காலையில் குளித்துவிட்டு நூறையும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் படித்துவிடுவார், மனனம் தானாக வந்து சேரும் என்பார். மூன்றையும் அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முழுப் பாராயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு பாடல்களுக்கு எனக்கு ஏறக்குறைய 35 நிமிடம் ஆகிறது. பக்திக்கு அதுவே முறை, காலக்கெடு இல்லாதவருக்கு அதுவே போதும். ஆனால் தினமும் புத்துணர்வோடு தொடங்குவது ‘உதிக்கின்ற செங்கதிர்’, தொண்டை வறண்டபின் வந்து சேர்வது எண்பதும் தொண்ணூறும். ஆகவே முதல் இருபது இரும்பாக நிற்க, கடைசி இருபது ஆடிக்கொண்டே இருக்கும். பெரியம்மாவே 84க்கு மேல் புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதுண்டு.

ராக வழியின் வேகத்தை யாரும் மறுக்க முடியாது. பத்துப் பாடலுக்கு ஒரு ராகம் என்று அமைந்த பதிவை வைத்துக்கொண்டு இரண்டே வாரத்தில் அவள் நாற்பது பாடல்களைத் தாண்டியபோது நான் இருபத்தாறில் நின்றுகொண்டிருந்தேன். குழந்தைக்குச் சலிப்பில்லை, பள்ளிக்குப் போகும் வழியிலும் முணுமுணுத்தாள். போட்டி முதல் சுற்றோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நான் சென்ற வழி யாப்பிலிருந்து தொடங்குகிறது. அந்தாதி முழுவதும் கட்டளைக் கலித்துறை: பாடலுக்கு நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர். மெய்யெழுத்தை விட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. ‘உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்’ என்பதை விரல்விட்டு எண்ணினால் 17 வரும். ‘நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நினைப்பதுன்னை’ என்பதில் 16 வரும். நான் ஐந்து சீருக்கு ஐந்து விரலை மடித்துச் சொல்லிப் பழகினேன். ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் கடைசி விரல் மடங்காமல் நிற்கும். அடியின் நடுவே விடுபட்டதைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு தடங்கல் உண்டு. அச்சுப் புத்தகங்களில் பாடல் பெரும்பாலும் பொருளுக்காகப் பதம் பிரித்தே இருக்கும். இரண்டாம் பாடலில் ‘கருப்புச் சிலையும், மென் பாசாங்குசமும், கையில்’ என்று படித்துப் பழகியவருக்கு அடி ஐந்தாகப் பிரியாது. சீராகச் சொன்னால் அது ‘கணையும் – கருப்புச் – சிலையுமென் – பாசாங் – குசமுங்கையில்’ என்று வரும், ‘பாசாங்குசம்’ என்ற சொல் இரண்டு சீருக்கு நடுவே உடையும். பொருளைப் பதம் பிரித்த வடிவில் ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டு, வாய்க்கு மட்டும் சீர் வடிவைக் கொடுப்பதே சரி என்று சில நாள் தடுமாறிய பிறகு கண்டுகொண்டேன்.

ஒரு பாடலைப் பிடிப்பதற்கு நான்கு அடிகளின் முதற்சொற்கள் போதும்: உதிக்கின்ற, மதிக்கின்ற, துதிக்கின்ற, விதிக்கின்ற. எதுகை அவற்றைத் தானே கோத்துவிடுகிறது. பல அடிகளில் முதற்சீரும் ஐந்தாம் சீரும் மோனையால் கட்டப்பட்டிருக்கின்றன (உதிக்கின்ற–உணர்வுடையோர், மதிக்கின்ற–மலர்க்கமலை). அடி தொடங்கும் இடமும் முடியும் இடமும் இப்படிக் கிடைத்துவிட்டால் நடுவில் மூன்று சீரைத்தான் உண்மையில் மனனம் செய்கிறோம்.

பத்துகளாகப் பிரிக்கும்போது நான் முதலில் செய்த தவறு, 10ஆம் பாடலோடு கோட்டைக் கிழித்ததுதான். ‘ஆனந்தமே’ என்று நிறுத்திப் பழகியதால் ‘ஆனந்தமாய் என் அறிவாய்’ என்ற அடுத்த பாடலுக்கு வாய் நகரவில்லை. அந்தாதியின் மூட்டையே வெட்டிவிட்டேன். பிறகு ஒவ்வொரு பத்தையும் அடுத்த பாடலின் முதல் அடிவரை நீட்டிச் சொன்னேன். மூட்டுகள் எல்லாம் ஒரே பலமுடையவை அல்ல என்பதும் அப்போது தெரிந்தது. ‘துணையே – துணையும்’ வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஆறாம் பாடல் ‘பத்ததியே’ என்று முடிய, ஏழாவது ‘ததியுறு மத்தின்’ என்று தயிருக்குத் தாவுகிறது. சொல் அல்ல, சொல்லின் வால் மட்டும் தொடர்கிற இத்தகைய இடங்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாள்தோறும் இரண்டு புதிய பாடல்கள், நேற்றைய இரண்டு, அதற்குமேல் பழைய பத்து ஒன்று. இதற்கு அரை மணி போதுமானதாக இருந்தது. ஐம்பது நாளில் நூறும் முடிந்த பிறகு, தினம் இரண்டு பத்துகள் என்று சுற்றினேன், ஐந்து நாளைக்கு ஒருமுறை எல்லாப் பாடலும் திரும்ப வந்தது. ஞாயிறு மட்டும் முழுப் பாராயணம். பத்துகளின் தலைப்பாடல்களை எண்ணோடு சேர்த்து வைத்தேன்: 21 மங்கலை, 31 உமையும், 41 புண்ணியம், 51 அரணம், 61 நாயேனையும், 71 அழகுக்கு, 81 அணங்கே, 91 மெல்லிய. நடுவர் 77 என்றால் 71இல் இறங்கி மனதுக்குள் ஆறு முதற்சொற்களைத் தாண்டினால் போதும்.

இனி, என் தீர்ப்பை முடிவு செய்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். போட்டிக்குப் பத்து நாள் முன்பு அவள் பாட, பெரியம்மா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தார். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தனம் தரும் கல்வி தரும் வரவே இல்லையேடி கண்ணு?” என்றார். “இல்ல பெரியம்மா, எல்லாம் வரிசையாத்தானே வந்துச்சு. சித்தி, நான் எங்கயாவது நின்னேனா?” என்று அவள் என்னைப் பார்த்தாள். அவள் நிற்கவே இல்லை என்பது உண்மை. சிக்கல் அங்கேதான் இருந்தது.

50ஆம் பாடல் ‘நாயகி நான்முகி நாராயணி’ என்று அம்மையின் பெயர்களை அடுக்குவது. 77ஆம் பாடல் ‘பயிரவி பஞ்சமி பாசாங்குசை’ என்று அதே போல அடுக்குவது. முன்னதன் மூன்றாம் அடியில் ‘மாலினி, வாராகி, சூலினி’ வருகிறது, பின்னதன் மூன்றாம் அடியில் ‘மாலினி, சூலி, வராகி’ வருகிறது. ‘மாலினி’யில் அவள் தண்டவாளம் மாறி, 77இன் ‘செப்புவரே’யில் முடித்து, அதற்கு அந்தாதியான ‘செப்பும் கனக கலசமும்’ என்று 78க்குப் போய்விட்டாள். இடையில் இருபத்தாறு பாடல்கள் காணாமற்போயின, ஆனால் ஒரு மூட்டுகூடத் தவறவில்லை. அந்தாதி நம்மை வழிநடத்தும் என்று நம்புகிறோம், தவறான பாடலில் இறங்கினாலும் அதே விசுவாசத்தோடு அங்கிருந்தும் அழைத்துச் செல்லும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

இந்த இடத்தில் ராகம் உதவாததற்குக் காரணம் உண்டு. 50 நேரசையில் தொடங்குவது: நா-யகி, சா-யகி. அடிக்கு 16 எழுத்து, முதல் தட்டு நீளமாக ஒற்றையாக விழும். 77 நிரையசையில் தொடங்குவது: பயி-ரவி, உயி-ரவி, வயி-ரவி. அடிக்கு 17, முதல் தட்டில் இரண்டு குறில்கள் ஓடிவரும். சீராகச் சொல்பவரின் வாய்க்கு இவை இரண்டு வேறு நடைகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் உடனே உறுத்தும். ராகத்திலோ குறிலை நீட்டுவதும் நெடிலைக் குறுக்குவதும் இயல்பு என்பதால், இரண்டு பாடலும் ஒரே மெட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்துவிடுகின்றன. அவளுடைய பதிவில் 50க்கும் 77க்கும் ராகம் வேறுதான். ஆனால் பதிவை நிறுத்திவிட்டுத் தானே பாடும்போது ஒரே மெட்டில் தொடர்வது அவள் பழக்கம்.

மீதமிருந்த பத்து நாளில் அவளுக்கு முழுவதையும் மாற்ற நேரமில்லை. இந்த இரண்டு பாடலை மட்டும் விரல் மடித்துச் சொல்ல வைத்து, ‘வாயகி’ என்றால் 50, ‘வயிரவி’ என்றால் 77 என்று மூன்றாம் அடியின் தலையில் அடையாளம் வைத்தோம். போட்டியில் அந்த இடத்தைச் சரியாகக் கடந்தாள். இரண்டாம் சுற்றில் நடுவர் 63 என்றபோது அவளால் 61இலிருந்து தொடங்க முடியவில்லை, ராகம் தொடங்கும் இடத்தைத் தேடி 51க்குப் போய் அங்கிருந்து முணுமுணுத்து வருவதற்குள் நேரம் தீர்ந்தது. எனக்கு 38 வந்தது, தப்பித்தேன். இருவருக்கும் பரிசு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்பில் ழகர ளகரம் எனக்கு இன்னும் பிசகும்.

பராமரிப்பிலும் வேறுபாடு தெரிந்தது. போட்டிக்குப் பின் மூன்று மாதம் இருவரும் தொடவில்லை. எனக்கு நாற்பதுகளும் ஐம்பதுகளும் உதிர்ந்திருந்தன, ஆனால் எந்த மூட்டு என்று தெரிந்ததால் அந்தந்த இடத்தை மட்டும் ஒரு வாரத்தில் ஒட்டிவிட்டேன். அவளுக்கு எது போனது என்றே சொல்லத் தெரியவில்லை, பதிவை மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. ஆனால் கேட்டவுடன் அவளுக்குத் திரும்பிய வேகம் எனக்கு வராது. அது ராகத்தின் பலனா, பன்னிரண்டு வயதின் பலனா என்பதை ஒரு குழந்தையை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் விரல் மடித்து எழுத்து எண்ணச் சொல்வது நடக்குமா என்பதும் எனக்கு ஐயமே.

இந்த ஆண்டு அவள் கந்தரலங்காரம் எடுத்திருக்கிறாள். அதுவும் கட்டளைக் கலித்துறைதான் என்பதால் விரல் கணக்கு அப்படியே பொருந்துகிறது, ஆனால் அந்தாதி இல்லாததால் மூட்டுகளை நாமே செய்துகொள்ள வேண்டும். இப்போதைக்கு ஒவ்வொரு பாடலின் கடைசி அடியையும் அடுத்ததன் முதல் அடியையும் ஒரே மூச்சில் பத்துமுறை சொல்ல வைக்கிறேன். ‘கிருபாகரனே’ என்று முடியும் ‘பேற்றைத் தவம் சற்றும்’ என்ற முதல் பாடலுக்கும் ‘அழித்துப் பிறக்கவொட்டா’ என்ற இரண்டாம் பாடலுக்கும் நடுவே எந்தச் சொல்லும் கைகொடுக்காததால், முதல் பத்துக்கே பதினொரு நாள் ஆகியிருக்கிறது.