எம்.ஆர்.பி. விலைக்கு மேல் 18 சதவீதம்: பாரிமுனையில் 4,240 ரூபாயை இழந்தேன்

நேற்று மாலை நடந்தது. இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வயரிங் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெரம்பூரில் எங்கள் பழைய வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்கிறோம். எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த பட்டியலோடு பாரிமுனையில் உள்ள ஒரு மின்சாதன மொத்தக் கடைக்குப் போனேன். முதலாளிக்கு என் அப்பா வயது இருக்கும். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஒவ்வொரு பெட்டியையும் என் கண் முன்னாலேயே திருப்பிப் பார்த்து, அதில் அச்சிட்டிருந்த விலையைச் சீட்டில் எழுதினார். அதைப் பார்த்துத்தான் நம்பினேன். மூன்று மின்விசிறிகள் 10,620, சுவிட்ச் வகைகள் 5,310, விளக்குகளும் எம்.சி.பி.யும் 7,670 என்று பெட்டியில் வந்தவை மட்டும் 23,600 ரூபாய். அதன் கீழே அளந்து வெட்டிய வயர், பி.வி.சி. குழாய், சில்லறைச் சாமான்கள் என உதிரியாக 12,000. ஆக மொத்தம் 35,600. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு 42,008 என்றார். “எட்டு ரூபாயை விடுங்கள் சார், 42,000 கொடுங்கள்” என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மின்விசிறிப் பெட்டியைப் பிரிக்கும்போது விலைச் சீட்டு கண்ணில் பட்டது. 3,540 ரூபாய், அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அனைத்து வரிகளும் உட்பட. வயிற்றில் புளியைக் கரைத்தது. வரி சேர்ந்த விலைக்கு மேல் மறுபடியும் வரி வாங்கியிருக்கிறார். 3,540 ரூபாய் விசிறிக்கு நான் கொடுத்தது 4,177 ரூபாய் 20 காசு!

உடனே போன் செய்தேன். கணக்குப் பார்ப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அரை மணி கழித்துக் கூப்பிட்டால், “வரி அரசாங்கத்துக்குப் போகிறது, எங்களைக் கேட்டு என்ன பயன்?” என்றார்கள். மூன்றாவது முறை முதலாளியே பேசினார். 23,600-இல் ஏற்கெனவே 18 சதவீதம் இருக்கிறது, அதைக் கழித்தால் அசல் விலை 19,352 என்று சொன்னேன். “சார், 19,352-க்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள், 22,835 தான் வருகிறது. உங்கள் கணக்கே தப்பு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

என் கணக்கு தப்புதான். ஆனால் அவர் வாங்கியது சரி என்று ஆகிவிடாது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்யும் என் தங்கை மகள்தான் விளக்கினாள். “மாமா, வரி 18 சதவீதம் என்பது அசல் விலைக்குத்தான். அசல் 100 என்றால் வரியோடு 118. அதனால் வரி சேர்ந்த விலையிலிருந்து 18 சதவீதம் கழிக்கக் கூடாது, 1.18-ஆல் வகுக்க வேண்டும்.” 23,600-ஐ 1.18-ஆல் வகுத்தால் சரியாக 20,000. வரி 3,600. உதிரிச் சாமான்களின் 12,000 வரி சேராத விலை. அதற்கு வரி 2,160. அசல் 32,000, வரி 5,760, மொத்தம் 37,760. நான் கொடுத்தது 42,000. என் 4,240 ரூபாய் போனது போனதுதானா?

கொடுமை என்னவென்றால், உள்ளே இருக்கும் வரியைப் பிரித்து எடுக்கவே தேவையில்லை. 23,600-ஐத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, 12,000-க்கு மட்டும் வரி போட்டு 14,160 ஆக்கிக் கூட்டினாலும் அதே 37,760 தான். இரண்டையும் ஒரே வரிசையில் கூட்டிவிட்டு மொத்தத்துக்கு வரி போட்டதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

சிலர் “எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி கொடுத்து, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போட்டோம்” என்பார்கள். அப்படிப் போடலாம். ஆனால் வரியும் சேர்ந்த கடைசி விலை, பெட்டியில் அச்சிட்ட விலையைத் தாண்டக் கூடாது. எனக்கு ஒரு ரூபாய் தள்ளுபடியும் இல்லை, சீட்டில் இருப்பது எம்.ஆர்.பி.யேதான்.

அவசரமாகச் சொல்கிறேன். சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘வரி உட்பட’, ‘வரி நீங்கலாக’ என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஜி.எஸ்.டி. எண் அச்சிட்ட பில் வாங்காமல் வரிப் பணம் கொடுக்காதீர்கள். என்னிடம் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட வெறும் சீட்டு. பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விலை அச்சிட்ட பக்கம் கையில் இருக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மூன்று விசிறிப் பெட்டிகளையும் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாலையில் மறுபடியும் கடைக்குப் போகிறேன். 4,240 ரூபாயை வாங்காமல் திரும்ப மாட்டேன்.