பழைய கட்டுரையைப் பார்த்து ஆள் எடுப்பதா, காசு கொடுத்து எழுதவைப்பதா?

பொள்ளாச்சியில் செடி வளர்க்க உதவும் தென்னை நார்க்கழிவுக் கட்டி விற்கும் எங்களுக்கு வலைப்பதிவு எழுத ஆள் வேண்டியிருந்தது. எழுத வருபவரின் பழைய கட்டுரைகளை வாங்கிப் படித்துத் தேர்ந்தெடுப்பது செலவில்லாத வழி, ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் அதில் எவ்வளவு அவர் எழுதியது, எவ்வளவு எடிட்டர் திருத்தியது என்று தெரியாது. அவசரத்துக்கு ஒரே கட்டுரை என்றால் அது போதும்.

நாங்கள் காசு கொடுத்து எழுதவைத்துப் பார்க்கும் வழியில் போனோம். எழுத வந்த இருவருக்கும் ஒரே வேலை: ‘கட்டியை ஏன் கழுவ வேண்டும்?’, 500 சொல், ஐந்து நாள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஆளுக்கு 1,500 ரூபாய். மதிப்பெண்ணைக் கட்டுரை வரும் முன்பே பிரித்துவைத்தோம்: தகவலுக்கு 4, வாசகரின் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு 3, நடைக்கு 2, அளவுக்கும் தேதிக்கும் 1. பெயரை மறைத்துவிட்டு, நானும் சூப்பர்வைசர் அண்ணனும் தனித்தனியாகப் போட்டோம்.

பழைய கட்டுரைகளில் அசத்தியவர் நடையில் 2 வாங்கினார். ‘அழுக்குப் போகக் கழுவ வேண்டும்’ என்று எழுதியதால் தகவலில் 1தான். மற்றவர் போன் போட்டு, “ஏனுங்க, கழுவறதுக்கு முன்னாடி உப்பு எவ்வளவு இருக்குங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். உப்பு வடியாவிட்டால் நாற்றின் வேர் கருகும் என்பதை இரண்டே வரியில் சொல்லிவிட்டார். அவருக்கு மொத்தம் 8, முதலாமவருக்கு 5. நடை கொஞ்சம் சொரசொரப்புதான், அதைத் திருத்திக்கொள்ளலாம்.

மாதம் நான்கு கேட்டால் தேதி தவறாமல் வருமா என்பது ஒரு கட்டுரையில் தெரியாது. அதனால் முதல் மாதத்துக்கு இரண்டு மட்டும் பேசியிருக்கிறோம்.