இரண்டு 1080 டிஐ, ஐந்து வருடம்: இன்னொரு கார்டு சேர்க்கலாமா?

போன வாரம் தங்கை மகன் கேட்டான்: "மாமா, பழைய 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு இப்போ மலிவா கிடைக்குது. என் கார்டோட இன்னொண்ணு சேர்த்துப் போடவா?" நான் 2018இல் சிம் லிம் ஸ்குவேரில் அதையேதான் செய்தேன். 2023 வரை இரண்டு கார்டையும், அவற்றைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் என்விடியாவின் எஸ்எல்ஐ முறையில் ஓட்டினேன். அவனிடம் வேண்டாம் என்றேன்.

முதல் வருடம் அருமையாகத்தான் இருந்தது. 'ஷேடோ ஆஃப் த டூம்ப் ரெய்டர்' விளையாட்டை எழுதியவர்களே இரட்டைக் கார்டுக்கு வழி செய்திருந்தார்கள். 4கே திரையில் நொடிக்கு 45 வட்டாரத்தில் இருந்த ஃபிரேம் எண்ணிக்கை 80ஐ நெருங்கியது.

மற்ற பல விளையாட்டுகளில் எண் ஏறியது, ஆனால் காட்சி திக்கியது. எஸ்எல்ஐயில் கார்டுகள் மாறி மாறி ஆளுக்கொரு ஃபிரேம் வரையும். நொடிக்கு 60 என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 17 மில்லி நொடி ஆக வேண்டும். ஆனால் ஒன்று 10, அடுத்தது 23 என்று வந்தால் சராசரி மாறாது, கண்ணுக்கு மட்டும் 43 போலத் தெரியும். கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஃபிரேம் நேரக் கோட்டைப் பாருங்கள்: ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் இந்தக் கோளாறுதான். எஸ்எல்ஐயை அணைத்து அதே இடத்தில் மறுபடி ஓடினால், எண் குறைந்தும் கோடு சமனாகும்.

புது விளையாட்டுகளில் இது இன்னும் மோசம். டிஏஏ போன்ற விளிம்பு மென்மையாக்கும் முறைகளுக்கு முந்தைய ஃபிரேமின் தகவல் தேவை. அதுவோ அடுத்த கார்டின் நினைவகத்தில் கிடக்கிறது. அது வந்து சேரும்வரை இந்தக் கார்டு காத்திருக்க வேண்டும். இரண்டு கார்டு போட்டதன் பயனே அதில் போய்விடுகிறது. நினைவகமும் அதிகமாகாது. இரண்டிலும் ஒரே பொருள்தான் இருக்கும், ஆகவே 11 ஜிபி 11 ஜிபியாகவே நிற்கும்.

2021 ஜனவரியிலிருந்து ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் என்விடியா புதிய எஸ்எல்ஐ புரொஃபைல், அதாவது ஒவ்வொரு விளையாட்டிலும் எஸ்எல்ஐ வேலை செய்யத் தேவையான அமைப்பு, தருவதை நிறுத்தியது. அதன்பின் வந்த விளையாட்டுகளில் என் இரண்டாவது கார்டு பெரும்பாலும் 0 சதவீதத்தில் சும்மா இருந்தது. ஆர்டிஎக்ஸ் 4090இல் இணைக்கும் வசதியே கிடையாது.

சூட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கார்டுக்கு 250 வாட். இரண்டும் முழுமூச்சில் ஓடும்போது வீவக வீட்டின் சின்ன அறைக்குள் அரை கிலோவாட் வெப்பம் இறங்கும். ஏர்கான் போடாமல் உட்கார முடியாது. கீழ்க் கார்டின் சூடான காற்றை மேல் கார்டு இழுத்து 84 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: இருக்கும் கார்டை விற்றுவிட்டு, ஒற்றை ஆர்டிஎக்ஸ் 4070 பார். 12 ஜிபி, 200 வாட். அவனுடைய 650 வாட் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டாம்.