மூன்று மதிப்புகளை வைத்து எல்லையைப் பிடிப்பது: எய்ட்கனா, ஸ்டெஃபென்சனா?

கால்குலேட்டரை ரேடியனில் வைத்து 0.5 போட்டு, cos பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். விடை 0.7390851332-ஐ நோக்கிப் போகும். ஆனால் ஒவ்வொரு அழுத்தலிலும் மிச்சமுள்ள பிழை சுமார் 0.67 மடங்காகத்தான் சுருங்குகிறது. பத்து முறை அழுத்தினாலும் 0.7350 வரைதான் வந்திருப்போம். பிழையை 10⁻¹¹ அளவுக்குக் கொண்டுவர அறுபது முறை அழுத்த வேண்டும்.

பிழை ஒவ்வொரு படியிலும் ஒரே மடங்கில் சுருங்குகிறது என்றால், அந்த மடங்கு என்ன என்பதை அடுத்தடுத்த மூன்று மதிப்புகளே காட்டிக்கொடுத்துவிடும். மடங்கு தெரிந்தால் எல்லை எங்கே என்பதும் தெரியும். டெல்டா ஸ்கொயர் சூத்திரம் செய்வது இவ்வளவுதான்:

```
A = x0 - (x1 - x0)**2 / (x2 - 2*x1 + x0)
```

இது எய்ட்கன் 1926-ல் வெளியிட்டதால் அவர் பெயரில் வழங்குகிறது. அவருக்கு வெகுகாலம் முன்பே ஜப்பானில் செகி தகாகசு, வட்டத்துக்குள் வரைந்த 2¹⁵, 2¹⁶, 2¹⁷ பக்கப் பலகோணங்களின் சுற்றளவுகளை இதே வழியில் இணைத்து π-யைக் கணக்கிட்டிருக்கிறார். அது அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1712-ல்.

சரி, சூத்திரம் ஒன்றுதான். அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு, குழப்பம் அங்கேதான் வருகிறது. எய்ட்கன் வழியில் பழைய தொடரைத் தொடுவதில்லை. அது தன்பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் மும்மூன்றாக எடுத்து A-க்களை எழுதிக்கொண்டே போகிறோம். ஸ்டெஃபென்சன் வழியில், கிடைத்த A-யையே புதிய x0-ஆக வைத்து மறுபடி தொடங்குகிறோம். g என்பது நாம் திரும்பத் திரும்பப் போடும் சார்பு, இங்கே cos:

```
x1 = g(x0)
x2 = g(x1)
d = x2 - 2*x1 + x0
x0 = x0 - (x1 - x0)**2 / d
```

மூன்று வழிக்கும் ஆறே ஆறு cos மதிப்பீடுகள் கொடுத்துப் பார்ப்போம். வெறும் சுழற்சி 0.71917-ல் நிற்கிறது, பிழை 0.02. எய்ட்கன் வழியில் 0.73139, 0.73609, 0.73765, 0.73847, 0.73880 என்று வருகிறது, கடைசிப் பிழை 0.0003. பிழை படிக்கு 0.67 மடங்காகச் சுருங்கியது இப்போது அதன் வர்க்கமான 0.45 மடங்காகச் சுருங்குகிறது. நல்ல லாபம்தான், ஆனால் நடை மாறவில்லை. ஸ்டெஃபென்சனோ முதல் சுற்றில் அதே 0.73139, இரண்டாவதில் 0.7390763, மூன்றாவதில் 0.7390851332. பிழை 0.0077, பிறகு 0.000009, பிறகு ஏறக்குறைய 10⁻¹¹. சுற்றுக்குச் சுற்று பிழை வர்க்கமாகிறது, நியூட்டன் முறையைப் போலவே, ஆனால் வகைக்கெழு கேட்காமல்.

ஆகவே g கையில் இருந்து, நினைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடிந்தால், நான் யோசிக்காமல் ஸ்டெஃபென்சனைத்தான் எடுப்பேன். ஒரு எச்சரிக்கை: விடையை எட்டியதும் d பூஜ்யமாகி 0/0 வந்துவிடும். அதனால் x1-க்கும் x0-க்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, போதும் என்றால் வகுப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தொடக்கப் புள்ளி விடையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தால் முதல் தாவலே எங்கோ கொண்டுபோய் விடலாம், அதையும் கவனிக்க வேண்டும். எய்ட்கன் வழிக்கு இடம் வேறு. ஒரு தொடரின் பகுதிக் கூட்டல்கள் மாதிரி, மதிப்புகள் வந்தபடி வருகின்றன, நடுவில் புகுந்து மாற்ற முடியாது என்றால் அது மட்டும்தான் வழி.

ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு சோதனை செய்ய வேண்டும். அடுத்தடுத்த வேறுபாடுகளின் விகிதத்தை எழுதிப் பாருங்கள். cos-க்கு அது −0.632, −0.686, −0.659, −0.680 என்று −0.67-ஐச் சுற்றி அடங்குகிறது. இதுதான் பச்சைக்கொடி. விகிதம் 1-ஐ நோக்கி ஊர்ந்தால் டெல்டா ஸ்கொயர் ஏமாற்றிவிடும். 1 + 1/4 + 1/9 + … என்ற கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான விடை 1.644934. முதல் பத்து உறுப்புகள் தருவது 1.549768, பிழை 0.095. கடைசி மூன்று கூட்டல்களில் எய்ட்கனைப் போட்டால் 1.592399, பிழை 0.053. ஏறக்குறைய பாதிதான் குறைந்தது, இன்னும் எத்தனை உறுப்பு சேர்த்தாலும் அதே பாதிதான். இங்கே விகிதம் 0.81, அப்புறம் 0.826, அப்புறம் 0.84 என்று ஏறிக்கொண்டே போகிறது. பிழை ஒரே மடங்கில் சுருங்கவில்லை, 1/n போலத் தேய்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

அந்த இடத்தில் ரிச்சர்ட்சன் வழிக்கு மாறிவிடுவது நல்லது. பத்து உறுப்புக் கூட்டலின் இரு மடங்கிலிருந்து ஐந்து உறுப்புக் கூட்டலைக் கழித்தால் 1/n பிழை அடிபட்டுப் போகிறது. கிடைப்பது 1.635924, பிழை 0.009. உறுப்புகள் அதே பத்துதான், எய்ட்கன் தந்த பிழையில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம்.