பாட்டிக்குத் தகவல் சொல்ல: எஸ்எம்எஸ்ஸா, வாய்ஸ் மெசேஜா?

ஸ்மார்ட்போன் கைக்குப் பழகாத பாட்டிக்கு, "ஞாயிறு வருகிறேன், சனிக்கிழமை இரவு போன் செய்கிறேன்" என்று உறுதிப்படுத்த வேண்டும். நம்மில் பலர் உடனே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவோம். கண்ணாடி தேட வேண்டாம், பேரப்பிள்ளையின் குரலும் கேட்கும். சிக்கல் அப்புறம்தான். பத்து மணியா, பதினொன்றா என்று மறந்துவிட்டால் அதே பதிவைத் தேடி, முக்கோணத்தை அழுத்தி, மறுபடி முழுவதும் கேட்க வேண்டும். இணையம் அணைந்திருந்தால் பதிவு வந்தே சேராது. உங்கள் திரையில் ஒற்றை டிக் மட்டும் நிற்கும்.

எஸ்எம்எஸ்ஸுக்கு இணையம் வேண்டாம், சிக்னல் இருந்தால் போதும். திறந்தவுடன் நேரம் கண்ணில் படும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான் இடம். 'கி' என்பது இரண்டு குறி, 'க்' என்பதும் இரண்டு. இடைவெளியும் புள்ளியும் கணக்கில் சேரும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். இன்றைய போன்கள் அவற்றை ஒட்டிக் காட்டிவிடும். சில பழைய போன்களில் தனித்தனியாக, சில நேரம் முன்பின்னாகவும் வரும். அதனால் வருகைக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று எனப் பிரித்து அனுப்புவதே நல்லது:

"பாட்டி, 12ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு வருகிறேன்."

"சனி இரவு 7 மணிக்கு நானே போன் பண்றேன். எடுத்தால் போதும்."

முதலாவது 52 குறிகள். பாட்டி தன் போனில் உங்கள் எண்ணைப் பெயரோடு சேமிக்கவில்லை என்றால், உங்கள் பெயரைச் சேர்க்க மீதி இடம் இருக்கிறது. 'நாளை' என்று மட்டும் எழுதாதீர்கள். செய்தியை மறுநாள் திறந்தால் வருகை ஒரு நாள் தள்ளிப்போய்விடும். இரண்டாவதில் 'நானே', 'எடுத்தால் போதும்' இரண்டும் வேண்டும். இல்லையென்றால் தான் அழைக்க வேண்டுமோ, பதில் தட்ட வேண்டுமோ என்று பாட்டி குழம்புவார். சில போன்கள் தேதிக்கும் நேரத்துக்கும் தாமாகவே அடிக்கோடு போடும், தொட்டால் காலண்டர் திறந்துவிடும். அதைத் தொட வேண்டியதில்லை என்று நேரில் போகும்போது காட்டிவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸின் பெரிய குறை, பாட்டி படித்தாரா என்று தெரியாது. இதில் வாய்ஸ் மெசேஜுக்குத்தான் வெற்றி: அவர் கேட்டதும் பதிவின் அருகிலுள்ள மைக் குறி நீலமாகும். நீல டிக்கை அணைத்து வைத்திருந்தாலும் இது மாறாது.

என் தேர்வு எஸ்எம்எஸ்தான். படித்தாரா என்ற கேள்விக்குச் சனிக்கிழமை அழைப்பிலேயே பதில் கிடைத்துவிடும். பார்வை மங்கியவர், வாசிக்கப் பழகாதவர் என்றால் கணக்கு மாறும். அப்போது நாளும் நேரமும் மட்டும் சொல்லும் பத்து நொடிப் பதிவு சரி. பட்டன் போன் வைத்திருப்பவருக்கு முதலில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை அனுப்பிப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் இரண்டுமே வேண்டாம், நேராக அழைத்துச் சொல்லிவிடுங்கள்.