சூரிய அடுப்புக்கு எந்தப் பளபளப்பு? அலுமினியத் தாள், கண்ணாடி ஃபிலிம், எவர்சில்வர் தகடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முற்றத்தில், வீட்டிலேயே செய்த சூரிய அடுப்பு ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பின்புறம் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, முன்னால் சாய்ந்த அடிப்பலகை ஒன்று என நான்கு ஒட்டுப்பலகைகள். நடுவில், வெப்பம் தாங்கும் ஓவன் பைக்குள் மூடிய கறுப்புச் சட்டி. அந்தப் பலகைகளின் மேல் அலுமினியத் தாள், கண்ணாடி ஃபிலிம், பளபளப்பாக மெருகேற்றிய எவர்சில்வர் தகடு ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்திச் சமைத்துப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அத்தை எவர்சில்வர் தகட்டைப் பார்த்ததும், “முகம் இவ்வளவு தெளிவா தெரியுதே, இதுதான் அதிகம் சுடும், இல்லையா?” என்று கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முகம் தெளிவாகத் தெரிவதும், விழுந்த ஒளியில் எவ்வளவு திரும்புகிறது என்பதும் வேறு வேறு. சுருக்கம் விழுந்த அலுமினியத் தாளில் முகம் தெரியாவிட்டாலும், விழும் வெயிலில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு மேல் அது திருப்பி அனுப்புகிறது. புதிய கண்ணாடி ஃபிலிமும் அதே அளவுதான், ஏனெனில் அதில் பளபளப்பது பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த மெல்லிய அலுமினியமே. எவர்சில்வரோ 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் கிண்ண வடிவ அடுப்பில் தாளின் சுருக்கம் பெரிய குறை. எங்களுடையதைப் போல அகலமான சட்டியை நோக்கி ஒளியைத் தள்ளும் பலகை அடுப்பில், சற்றுச் சிதறிய ஒளியும் சட்டியின் மேலேயே விழுந்துவிடுகிறது.

ஆனாலும் இந்த வேறுபாடு சட்டியில் அப்படியே வருவதில்லை, ஏனெனில் சட்டி நேர் வெயிலையும் வாங்குகிறது. நேர் வெயிலை ஒரு பங்கு என்றும், பலகைகள் தள்ளும் வெயிலை இரண்டு பங்கு என்றும் கொண்டால், தாளோடு ஏறத்தாழ 2.7 பங்கும், எவர்சில்வரோடு 2.2 பங்கும் சட்டிக்குச் சேரும். அளந்தபோதும் இதற்கு அருகில்தான் வந்தது: மேகமற்ற உச்சி வெயிலில் ஒரு லிட்டர் நீர், தாளோடும் ஃபிலிமோடும் ஒரு மணி நேரத்தில் 28 பாகையிலிருந்து 80 வாக்கில் ஏறியது, எவர்சில்வரோடு 71 வரைதான் போனது. இங்கே உச்சி வெயில் என்பது ஒன்றேகால் மணியைச் சுற்றிய நேரம். பிற்பகல் மழை அடிக்கடி குறுக்கிடும் ஊரில் இந்த ஒன்பது பாகை, பருப்பு வேகிறதா இல்லையா என்பதையே முடிவு செய்துவிடும்.

ஆயுளில் வரிசை தலைகீழாகிறது. அட்டையின் மேல் மாவுப் பசையால் ஒட்டிய தாளைக் கரப்பான் தின்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. வெள்ளைப் பசையால் வண்ணம் பூசிய ஒட்டுப்பலகையில் ஒட்டினால் இது குறைகிறது. ஆனாலும் செம்பனை ஆலைப் பக்கமிருந்து வந்து படியும் கரியைத் துடைக்கத் துடைக்க, மடிப்புகளில் ஊசிமுனைத் துளைகள் விழுந்து தாள் கிழிகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரிந்தே வாங்கினால், அதன் விலைக்கு அது நியாயமான பொருள்.

ஃபிலிமின் எதிரி ஈரம். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சாம்பல் நிறத் திட்டு பரவும். அங்கே அலுமினியம் ஒளி புகும் ஆக்சைடாக மாறிவிடுகிறது என்பதால், ஒரு துண்டை உரித்து வானத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியும். அந்த இடம் இனி வெயிலைத் திருப்பாது. எவ்வளவு துடைத்தாலும் போகாத திட்டு இதுதான். வெளியில் பயன்படுத்தத் தகுந்ததெனக் குறிப்பிடாத, சுவர் அலங்காரத்துக்கு விற்கும் ஃபிலிம் வெயிலில் மஞ்சளாகிக் கொப்புளமும் விடுகிறது.

எவர்சில்வருக்கு இத்தனை நாளில் சில கீறல்கள் தவிர வேறு எதுவும் ஆகவில்லை. அதன் மேல் வரும் நீலப் பாதுகாப்புத் தாளை மட்டும் வெயிலில் வைப்பதற்கு முன்பே உரித்துவிட வேண்டும். சூட்டில் அது தகட்டோடு ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. வெட்டிய ஓரம் கையை அறுக்கும் என்பதால் அரத்தால் தேய்த்தே பொருத்தினேன்.

ஆகவே இப்போது முன் அடிப்பலகையில் மட்டும் எவர்சில்வர் வைத்திருக்கிறேன், ஏனெனில் குழம்பு வழிவதும், கரி படிவதும், தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருப்பதும் அந்த இடத்தில்தான். துடைப்பு அதிகம் தேவைப்படாத மற்ற மூன்று பலகைகளிலும் ஃபிலிம் ஒட்டி, ஓரங்களைப் பலகையின் பின்பக்கம் வரை மடித்து, அலுமினிய டேப்பால் மூடியிருக்கிறேன். அப்படி மடித்த பிறகு திட்டு பெரும்பாலும் ஆணியடித்த துளைகளைச் சுற்றித்தான் தோன்றுகிறது; ஆகையால் அடுத்த முறை ஆணிக்குப் பதிலாகப் பின்புறம் கீல் ஒட்டிப் பலகைகளை இணைக்கப் போகிறேன்.