45 மணித்தியாலம் எரியும் என்ற சந்தன ரோஜா மெழுகுதிரி 5 மணித்தியாலத்தில் நூர்ந்து போவது ஏன்?

வீட்டிலேயே வார்த்து விற்கும் அந்தச் சந்தன ரோஜா மெழுகுதிரியின் விலையை 1,800 ரூபாவிலிருந்து 1,450 ஆக்கியிருக்கிறார்கள். விலை இறங்கியதும் கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. கிளிநொச்சியிலிருந்து வந்த ஒன்று இது: "வாங்கலாமோ அக்கா? இங்க வாங்கின ஆக்கள் மணமே இல்லை, நடுவில குழி விழுந்து நூந்து போகுது எண்டு சொல்லினம்."

அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் குழியைத் தோண்டுவது மெழுகுமல்ல, திரியுமல்ல. போத்தலோடு வரும் விவரத் துண்டில் உள்ள ஒரு வரிதான்: "கரண்ட் போகும் நேரத்தில் ஏற்றினால் வீடே மணக்கும்." எட்டு மாதமாக, மூன்றாவது போத்தல் வரை பாவித்த பிறகும் என் கோபம் அந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கிறது.

வன்னியில் சாதாரண நாளில் கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் வரும், இருபது நிமிடத்தில் வரும். வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: ஊதி நூர்ப்பது. சாதாரண வெள்ளைத் திரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அது மெல்லிய தடி, சுற்றியுள்ள மெழுகெல்லாம் சுவாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதுவோ உள்ளகலம் ஏழரை சென்ரிமீற்றர் உள்ள கண்ணாடிப் போத்தலில் 200 கிராம் சோயா மெழுகு, நடுவில் ஒரே ஒரு பஞ்சுத் திரி. ஏற்றி இருபது நிமிடத்தில் பார்த்தால் திரியைச் சுற்றி மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்குத்தான் மெழுகு உருகியிருக்கும். விளிம்புப் பக்கம் விரலால் தொட்டால் கட்டியாக, குளிராகவே இருக்கும். அந்த நிலையில் நூர்த்தால், உருகிய வட்டம் மட்டும் கொஞ்சம் பதிந்து இறுகும். அடுத்த முறை ஏற்றும்போது முதல் இருபது நிமிடச் சூடும் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும் மெழுகை உருக்குவதிலேயே செலவாகும். விளிம்புக்குச் சூடு போய்ச் சேர முதல் கரண்ட் வந்துவிடும், திரும்பவும் ஊதல்.

இதைத் தராசில் வைத்துப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடும். குசினித் தராசில் நிறுத்துவிட்டு மூன்று மணித்தியாலம் எரித்து, ஆறவிட்டுத் திரும்ப நிறுத்தால் 14 கிராமளவு குறைகிறது. அதாவது மணித்தியாலத்துக்கு நாலரை கிராம் சொச்சம். இருபது நிமிடத்துக்கு ஒன்றரை கிராம். அப்படிப் பதினைந்து தரம் கரண்ட் போய் வந்தால் மொத்தம் 22 கிராம் எரிந்திருக்கும், நடுவில் மூன்றரை சென்ரிமீற்றர் ஆழக் குழி இருக்கும். அந்த ஆழத்தில் சுவாலைக்குக் காற்றுக் காணாது, சிறுத்துப் போகும். குழியின் சுவரில் கொஞ்சம் உருகி வழிந்தாலே திரி மூழ்கி நூர்ந்துவிடும். மொத்தம் எரிந்தது 5 மணித்தியாலம். போத்தலில் 175 கிராமுக்கு மேல் மெழுகு சுவராக அப்படியே ஒட்டி நிற்கும். 1,800 ரூபாக் கொடுத்தவர் அதைப் பார்த்துத் திட்டாமல் என்ன செய்வார்?

"மணமே இல்லை" என்ற முறைப்பாடும் இதே குழியிலிருந்து வருவதுதான். எரியும்போது வரும் மணம் பெரும்பாலும் உருகி நிற்கும் மெழுகின் மேற்பரப்பிலிருந்துதான் எழும்புகிறது. மூன்று சென்ரிமீற்றர் வட்டத்தின் பரப்பு முழுப் போத்தலின் பரப்பில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு வீடு எப்படி மணக்கும்?

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் தரம் ஏற்றும்போது, உருகிய மெழுகு நாலு பக்கமும் கண்ணாடியைத் தொடும்வரை நூர்க்கக் கூடாது. இரண்டரை சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு மணித்தியாலம் என்பது மெழுகுதிரி வார்ப்பவர்களின் பொதுக் கணக்கு. ஏழரைக்கு மூன்று மணித்தியாலம். சித்திரை, வைகாசி வெக்கையில் இரண்டேகாலிலேயே விளிம்பைத் தொட்டுவிடும். மார்கழி மழைக்குள் மூன்றும் தாண்டும். கரண்ட் அதிகம் போவதும் அந்த மழைக்குள்தான் என்பதால், மாரியில் வாங்கியவர்களின் போத்தலில்தான் குழி மோசமாக விழுந்திருக்கும். முதல் எரிப்பு ஒழுங்காக நடந்துவிட்டால் இடையில் ஒன்றிரண்டு தரம் இருபது நிமிடத்தில் நூர்த்தாலும் பரவாயில்லை. அதற்கடுத்த தரம் திரும்பவும் விளிம்புவரை எரிய விட வேண்டும், அவ்வளவுதான்.

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்தத் திரி நேராக எரிய அசையாத காற்று வேண்டும். ஃபேன் சுழன்றால் சுவாலை ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கம் மட்டும் உருகும், கண்ணாடியில் கரி படியும். வன்னி வெக்கையில் கரண்ட் இருக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு மெழுகுதிரிக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் இருக்க எவருக்கு மனம் வரும்? ஆக, கரண்ட் இல்லாத நேரந்தான் உண்மையில் இதற்குப் பொருத்தம். ஆனால் கரண்ட் மூன்று மணித்தியாலம் வராமல் இருக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தில் வந்திருந்தால் இந்தத் துண்டில் எழுதியது அச்சொட்டாகப் பலித்திருக்கும். இப்போதைக்குச் சரிவருவது, ஃபேன் இல்லாத அறையில் யன்னலைப் பாதி சாத்திவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கத்தக்கதாக மாலையில் ஏற்றுவது. சோளகம் வீசும் காலமென்றால் காற்று வரும் பக்கத்து யன்னலை முழுக்கச் சாத்த வேண்டும்.

ஏற்கெனவே குழி விழுந்த போத்தலை எறிய வேண்டாம். திரி இன்னும் எரிகிறதென்றால், அலுமினியம் ஃபொயில் ஒரு துண்டு வெட்டி, ஏற்றிய பிறகு போத்தல் வாயில் கூரைபோல மூடி, நடுவில் மூன்று சென்ரிமீற்றர் ஓட்டை விடுங்கள். சூடு வெளியே போகாமல் ஓரத்துக்குத் திரும்பும். ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் சுவர் உருகி மட்டமாகும். ஃபொயில் கை சுடும் என்பதால் துணி பிடித்து எடுக்க வேண்டும். அது மூடியிருக்கும்போது அந்த இடத்தை விட்டு எழும்பிப் போகவும் கூடாது. திரி மூழ்கிவிட்டதென்றால் ஒரு சட்டியில் துணி விரித்து, போத்தலை வைத்து, பாதி உயரத்துக்குச் சாதாரணத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள். தண்ணீரைக் கொதிக்க விடாதீர்கள். சோயா மெழுகு 50 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். மேல் மெழுகு இளகியதும் ஒரு கரண்டி அள்ளிச் சிரட்டையில் ஊற்றிவிட்டால் திரி வெளியே தெரியும். அள்ளியதைப் பேசினில் ஊற்றினால் குழாய் அடைக்கும். சிரட்டையிலேயே இறுகவிட்டுக் குளியலறை மூலையில் வைத்தால் பல நாள் மணக்கும்.

இனி அந்த "45 மணித்தியாலம்". 200 கிராமை நாலரையால் வகுத்தால் 44 சொச்சம் வரும், அதைத்தான் 45 என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே துண்டின் கீழே "அடியில் ஒரு சென்ரிமீற்றர் மிஞ்சும்போது நிறுத்தவும்" என்றும் இருக்கிறது. அது சரியான அறிவுறுத்தல், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கலாம். இந்த அகலத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 40 கிராம். மிச்சம் 160 கிராம்தான் எரிக்க, அப்படியென்றால் 35 மணித்தியாலம். பொய் என்று சொல்ல மாட்டேன், தங்கள் துண்டைத் தாங்களே கீழ்வரை வாசிக்கவில்லை.

"தூய சந்தன எண்ணெய், ரோஜா எண்ணெய்" என்ற வரியும் அப்படித்தான். சோயா மெழுகில் எட்டு வீதம் வாசனை சேர்ப்பது சாதாரணம், 200 கிராமுக்கு 16 கிராம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் வடிக்க 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். சந்தன எண்ணெயும் மலிவான சாமானில்லை. 16 கிராம் அசல் எண்ணெயின் விலை இந்தப் போத்தலின் விலையைப் பல மடங்கு தாண்டும். இதில் இருப்பது செய்வாசனை எண்ணெய். அதில் வெட்கமில்லை, எழுதிவிட்டால் போதும். ஏனென்றால் கலந்த கை நல்ல கை. ஏற்றியதும் ரோஜா முந்துகிறது, அரை மணித்தியாலத்தில் சந்தனம் பின்னால் வந்து சேர்கிறது. ரோஜா இலகுவாக ஆவியாகிப் போகும், சந்தனம் பாரமானது, தங்கும். அடுத்த நாள் காலை கதவு திறக்கும்போது திரைச்சீலையில் இருப்பது சந்தனம் மட்டும். கோவில் சந்தனக் கிண்ணத்தின் மணம், சீனிப்பாகு மாதிரி இனிக்கிற மணமில்லை. இந்த ஒரு விசயத்தில் கொழும்பு விலைக்கு விற்கிற பல திரிகளைவிட இது திறம்.

மேலே தூவி வரும் காய்ந்த ரோஜா இதழ்களை மட்டும் ஏற்றுமுன் கிள்ளி எடுத்துவிடுங்கள். படத்துக்கு வடிவு, ஆனால் உருகிய மெழுகில் மிதந்து திரிக்குப் பக்கத்தில் வந்தால் இதழே இரண்டாவது திரியாகிவிடும். தகரக் கூரை வீட்டில் வைகாசி மத்தியானம் மேற்பரப்பில் வியர்வைபோலத் துளி துளியாக எண்ணெய் நிற்கும், அது பழுதில்லை. பேப்பர் துவாயால் ஒற்றிவிட்டு, திரியை நகவெட்டியால் ஐந்து மில்லிமீற்றருக்கு வெட்டிவிட்டு ஏற்றலாம். பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பச் சொன்னால் மட்டும், மத்தியான வெக்கையில் மெழுகு இளகாமல் இருக்கக் காலை பஸ்ஸைக் கேளுங்கள்.

கரண்ட் போகும் நேரத்துக்கென்றால் வாங்க வேண்டாம், கடையில் விற்கும் வெள்ளைத் திரி காணும். அந்த வரியைத் துண்டிலிருந்து எடுக்கும்வரை இவர்களுக்கு நல்ல பெயர் கொடுக்கவும் மனமில்லை. ஆனாலும் 1,450 என்றால் இரண்டு எடுத்து அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள், இருட்டும் குளிர்மையும் உள்ள இடம். ஓடர் போடும்போதே "மேலே இதழ் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள், போடாமல் தருவார்கள்.